ஓடும் பஸ்ஸில் கேட்கும் பிபிடி: 24 ஸ்லைடை ஏழு நிமிட ஆடியோவாக மாற்றுவது எப்படி

ஒரு தனியார் பால் நிறுவனத்தின் ஈரோடு அலுவலகத்தில் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்துக்கு பிபிடி தயாரிப்பது என் வேலைகளில் ஒன்று. களத்தில் இருக்கும் மேற்பார்வையாளர்களில் பாதிப் பேரால் கூட்டத்துக்கு வர முடியாது. விடியும் முன்பே காலைப் பால் வரத் தொடங்கிவிடும், மாலைப் பால் முடிய இரவாகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் ஒரு குளிரூட்டு நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு பஸ்ஸிலோ கம்பெனி ஜீப்பிலோ போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு 24 ஸ்லைடை அனுப்பினால் திறக்க மாட்டார்கள். திறந்தாலும் குலுங்கும் பஸ்ஸில், கைபேசித் திரையில், பதினான்கு வரி அட்டவணையைப் படிக்க யாராலும் முடியாது. அதனால் ஆடியோவாக அனுப்பத் தொடங்கினேன்.

முதல் முறை செய்தது தப்பு. ஸ்லைடுகளை வரிசையாக வாசித்துப் பதிவு செய்தேன், 19 நிமிடம் வந்தது. அதில் ஓர் இடத்தில், "குண்டடம் நிலையத்தில் கம்ப்ரஸரைக் கழற்றிப் பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லியிருந்தேன். ஏர்ஹாரன் சத்தத்தில் அந்த மேற்பார்வையாளருக்குக் கடைசி மூன்றெழுத்து விழவில்லை. "தேவை" என்று கேட்டிருக்கிறது. மெக்கானிக்கை வரச்சொல்லி கம்ப்ரஸரைக் கழற்ற, அன்றைய மாலைப் பாலை வேறு நிலையத்துக்குத் திருப்பிவிட வேண்டியதாயிற்று. எழுத்தில் சரியாக இருந்த வாக்கியம் காதில் நேர் எதிராகப் போனது. அதற்கப்புறம்தான் இந்த வேலையை உட்கார்ந்து யோசித்துச் செய்ய ஆரம்பித்தேன். இங்கே சொல்லும் உதாரணம் எங்கள் மே மாத பிபிடி. எண்களை மட்டும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்லைடைத் திறக்கும் முன் எத்தனை நிமிடம் என்று முடிவு செய்துவிட வேண்டும். நான் ஏழு நிமிடம் வைத்துக்கொள்கிறேன். பஸ் ஏறி, இடம் பிடித்து, டிக்கெட் எடுத்த பிறகு கேட்கத் தொடங்கினால் அரை மணிநேரப் பயணத்தில் இரண்டு தடவை கேட்டுவிடலாம். இரண்டாம் தடவை கேட்க நேரம் இருப்பது முக்கியம். ஏனென்றால் முதல் தடவையில் ஏதாவது ஒன்று கண்டிப்பாகத் தவறிப்போகும்.

நிமிடத்தைச் சொல் எண்ணிக்கையாக மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 150 சொல் என்று சொல்வார்கள். அந்தக் கணக்கைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். "குறைந்திருக்கிறது" என்று நாம் ஒரே சொல்லில் சொல்வதை அவர்கள் மூன்று சொல்லில் சொல்வார்கள். நீங்களே ஒரு பத்தியை நிதானமாக ஒரு நிமிடம் வாசித்து, எத்தனை சொல் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். எனக்கு 100 வருகிறது. ஏழு நிமிடத்துக்கு 700. அதில் இடைவெளிகளுக்காக 80 சொல்லைக் கழித்துவிட்டு 620 சொல்லில் எழுதுகிறேன். பழகப் பழக இந்த எண்ணிக்கைதான் உங்கள் கையைப் பிடித்து எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும்.

ஸ்லைடு வரிசையை மறந்துவிடுங்கள்

எங்கள் மே மாத பிபிடியில் தலைப்பும் பொருளடக்கமும் போக, பால் வரத்து ஆறு ஸ்லைடு, நிலையவாரி அட்டவணை ஒன்று, தரம் பற்றி நான்கு, குளிரூட்டியின் வெப்பநிலை வரைபடம் ஒன்று, விற்பனை நான்கு, செலவு மூன்று, ஆட்கள் ஒன்று, செய்ய வேண்டியவை ஒன்று, கடைசியில் நன்றி. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இந்த வரிசை சரி. பஸ்ஸில் இருப்பவருக்கு அப்படி இல்லை.

நான் ஒவ்வொரு ஸ்லைடையும் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பேன்: இதைக் கேட்டபின் மேற்பார்வையாளர் அடுத்த நிலையத்தில் இறங்கி எதையாவது வேறு மாதிரி செய்வாரா? விற்பனை நான்கு ஸ்லைடும் அவருக்குத் தேவையில்லை, செலவும் அப்படியே. அவற்றுக்குச் சேர்த்து ஒரே ஒரு வாக்கியம் போதும். தேறியது மூன்று விஷயம்தான்: வரத்து ஏன் குறைந்தது, எந்த டேங்கரில் பால் புளித்தது, இந்த வாரம் என்ன செய்ய வேண்டும்.

இந்த மூன்றும் மூன்று பகுதி ஆகின்றன. எத்தனையோ முயன்று பார்த்துவிட்டேன், நான்கு பகுதி வைத்தால் கேட்டவர்களுக்கு மூன்றுதான் நினைவிருக்கிறது, அந்த மூன்றும் நாம் நினைத்த மூன்றாக இருப்பதில்லை. 620 சொல்லை இப்படிப் பிரித்தேன்: தொடக்கம் 60, வரத்து 170, புளித்த பால் 220, செய்ய வேண்டியவை 120, முடிப்பு 50. புளித்த பாலுக்கு அதிகம் கொடுத்ததற்குக் காரணம், அங்கேதான் ஏன் என்பதை விளக்க வேண்டியிருந்தது.

கைகாட்டிச் சொற்கள்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். பக்கத்தைப் படிப்பவருக்குத் தலைப்பு தெரியும், பக்க எண் தெரியும், இன்னும் எவ்வளவு பாக்கி என்று கை விரலுக்கே தெரியும். கேட்பவருக்கு இதில் எதுவும் இல்லை. கண்டக்டர் சில்லறை கேட்ட பத்து விநாடியில் அவர் வழி தவறிவிடுவார். அவரைத் திரும்பப் பாதைக்குக் கொண்டுவர, முச்சந்தியில் நிற்கும் கைகாட்டி மரம் மாதிரி சில வாக்கியங்களை நட்டுவைக்க வேண்டும். அவற்றைத்தான் நான் கைகாட்டிச் சொற்கள் என்கிறேன்.

இதை யாரிடம் கற்றுக்கொள்வது என்றால், ரயில் நிலைய ஒலிபெருக்கியிடம்தான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. வண்டி எண் ஒன்று, இரண்டு, ஆறு, மூன்று, எட்டு. மதுரையிலிருந்து சென்னை எழும்பூர் வரை செல்லும் பாண்டியன் அதிவிரைவு வண்டி..." முதல் வாக்கியத்தில் தகவல் எதுவுமே கிடையாது. அது காதைத் திருப்புவதற்காக மட்டும் இருக்கிறது. இரைச்சலில் இருப்பவர் கவனத்தைத் திருப்ப ஒன்றிரண்டு விநாடி ஆகும். அந்த விநாடிகளில் முக்கியமானதைச் சொன்னால் அது வீண். அதனால் தொலைந்தாலும் பரவாயில்லை என்கிற சொற்களை முன்னால் போட்டு, தகவலைப் பின்னால் வைக்கிறார்கள். எண்ணையும் இலக்கம் இலக்கமாகப் பிரித்துச் சொல்கிறார்கள்.

இன்னொரு ஆசான் வானொலிச் செய்தி. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அமைப்பு தெரியும். முதலில் தலைப்புச் செய்திகள், அப்புறம் விரிவான செய்திகள், கடைசியில் மீண்டும் தலைப்புச் செய்திகள். நடுவில் அடுப்பை அணைக்க எழுந்து போனவருக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. நம் ஏழு நிமிடத்துக்கும் இதே எலும்புக்கூடு போதும்.

என் ஆடியோவின் தொடக்கம் இப்படி இருந்தது:

> மேற்பார்வையாளர்களுக்கு வணக்கம். இது மே மாத ஆய்வின் சுருக்கம், ஏழு நிமிடம். வண்டி ஓட்டுகிறவர்கள் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். மொத்தம் மூன்று பகுதி. ஒன்று, பால் வரத்து ஏன் குறைந்தது. இரண்டு, எந்த டேங்கரில் பால் புளித்தது. மூன்று, வெள்ளிக்கிழமைக்குள் நீங்கள் செய்ய வேண்டிய இரண்டு வேலை. எதையும் எழுதிக்கொள்ள வேண்டாம், அந்த இரண்டு வேலையும் மெசேஜில் வரும்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். எழுதிக்கொள்ள வேண்டுமோ என்ற பதற்றம் இருந்தால் ஆள் பாதிக் காதைத்தான் கொடுப்பார். அந்தப் பதற்றத்தை முதலிலேயே இறக்கி வைத்துவிட வேண்டும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கான வாக்கியத்தை நான் எந்த மாதமும் விடுவதில்லை. பைக்கில் வருகிறவர்கள் காதில் இயர்போனோடு ஓட்டுவதை நான் விரும்பவில்லை. டீக்கடையில் நிற்கும் நேரம் போதும்.

பகுதி மாறும் இடத்தில் மூன்று சேர்ந்து வர வேண்டும்: முடிந்தது எது, அதன் சாரம் என்ன, வருவது எது. "முதல் பகுதி, பால் வரத்து, முடிந்தது. குறைவுக்குக் காரணம் பெரும்பாலும் மூன்று நிலையங்கள். இப்போது இரண்டாம் பகுதி, புளித்த பால்." வெறும் "அடுத்ததாக" என்று சொன்னால் போதாது. எதற்கு அடுத்தது என்று நடுவில் காது கொடுப்பவருக்குத் தெரியாது. பகுதி எண்ணையும் பெயரையும் ஒவ்வொரு முறையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பகுதிக்கு உள்ளேயும் சின்னக் கைகாட்டிகள் வேண்டும். ஒரு எண் வருமுன், "ஒரு எண் சொல்கிறேன்." காரணம் வருமுன், "இதற்கு இரண்டு காரணம்." விட்டுவிடலாம் என்றால், "அடுத்த அரை நிமிடம் காங்கேயம் வழித்தடத்துக்கு மட்டும், மற்றவர்கள் இளைப்பாறலாம்." இந்தக் கடைசி வகையை எல்லாரும் விரும்புகிறார்கள். தனக்கு இல்லாததைக் கேட்காமல் விட அனுமதி கிடைத்தவர், தனக்கானது வரும்போது நன்றாகக் கேட்கிறார்.

ஆனால் அளவு தெரிய வேண்டும். இரண்டாவது மாதம் நான் உற்சாகத்தில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைகாட்டி வைத்து, ஆடியோ முழுக்க அறிவிப்பாகவே போய்விட்டது. இப்போது ஏறக்குறைய அரை நிமிடத்துக்கு ஒன்று வைக்கிறேன்.

காதுக்கு எழுதும் தமிழ்

பிபிடியில் இருக்கும் தமிழை அப்படியே எடுக்க முடியாது. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, இல்லை என்பதும் கடைசியில்தான் வருகிறது. ஓடும் வண்டியில் முதலில் விழுங்கப்படுவதும் வாக்கியத்தின் கடைசிதான், ஏனென்றால் பேசும்போது அங்கே குரல் தானாக இறங்கும். குண்டடத்தில் நடந்தது இதுதான்.

எனவே எதிர்மறையை முன்னாலேயே அறிவித்துவிடுங்கள், பின்னால் நேர்மறையாக இன்னொரு முறை சொல்லுங்கள். "குண்டடம் நிலையம். இங்கே பழுது வேலை ஒன்றும் இல்லை. கம்ப்ரஸர் நன்றாக ஓடுகிறது, அதை அப்படியே விடுங்கள்." இப்போது எந்த இரண்டு சொல் தொலைந்தாலும் அர்த்தம் கவிழாது.

அடுத்தது நீண்ட எச்சத் தொடர்கள். "ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்கிய மின்வெட்டால் ஜெனரேட்டரை நம்பியிருந்த முத்தூர் நிலையத்திலிருந்து வந்த டேங்கர்" என்று எழுதினால், டேங்கர் என்ற சொல் வரும்வரை கேட்பவர் எல்லாவற்றையும் தலையில் சுமக்க வேண்டும். உடைத்துவிடுங்கள். "முத்தூர் டேங்கர். அந்த நிலையத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து மின்வெட்டு. ஜெனரேட்டரை நம்பித்தான் ஓட்டினார்கள்." யாரைப் பற்றி என்பது முதலில் வந்துவிடுகிறது.

"அது", "அங்கே", "மேற்கண்ட" எல்லாம் ஆடியோவில் ஆபத்து. மேலே என்று ஒன்று காதுக்குக் கிடையாது. பெயரையே திரும்பச் சொல்லுங்கள். எழுத்தில் சலிப்பாகத் தெரியும், கேட்கும்போது தெரியாது. அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் சொல்லாதீர்கள், தேவையென்றால் தனி வாக்கியமாக்குங்கள்.

அட்டவணையும் எண்களும்

ஒன்பதாம் ஸ்லைடில் பதினான்கு நிலையம், ஆறு பத்தி. 84 கட்டம். அதில் எனக்குத் தேவைப்பட்டது இது மட்டும்: ஏப்ரலில் நாளொன்றுக்கு 47,350 லிட்டர், மே மாதத்தில் 41,870. குறைந்தது 5,480. அந்தக் குறைவில் 3,960 லிட்டர் மூலனூர், குண்டடம், முத்தூர் என்ற மூன்று நிலையங்களில். ஆடியோவில் அது இப்படி ஆனது:

> ஒரு எண் சொல்கிறேன். மே மாத வரத்து நாளொன்றுக்குச் சுமார் நாற்பத்திரண்டாயிரம் லிட்டர். ஏப்ரலைவிட ஐயாயிரத்து ஐந்நூறு லிட்டர் குறைவு. இந்த ஐயாயிரத்து ஐந்நூறில் ஏறக்குறைய நாலாயிரம், மூன்றே மூன்று நிலையங்களில் குறைந்தது. மூலனூர். குண்டடம். முத்தூர். மற்ற பதினொரு நிலையங்களிலும் வழக்கமான கோடைக் குறைவுதான்.

வாக்கியத்துக்கு ஒரு எண். அதுவும் முழுதாக்கிய எண். அடுத்த வாக்கியம் முந்தைய எண்ணையே பிடித்துக்கொண்டு தொடங்குகிறது, "இந்த ஐயாயிரத்து ஐந்நூறில்" என்று. அதனால் எண் இரண்டு தடவை காதில் விழுந்துவிடுகிறது. சரியான எண் வேண்டும் என்கிறவருக்கு பிபிடி இருக்கவே இருக்கிறது. "துல்லியமான கணக்கு ஒன்பதாம் ஸ்லைடில்" என்று ஒரு வாக்கியம் போட்டால் தீர்ந்தது.

தமிழில் சில எண்கள் இரைச்சலில் ஒன்றோடொன்று குழம்பும். எழுபதும் எண்பதும் மோசமான ஜோடி. ஒன்பது, ஐம்பது இன்னொன்று. நாற்பதும் நானூறும், முப்பதும் முந்நூறும் அவசரத்தில் ஒன்றாகக் கேட்கும். முழுதாக்க முடியாத இடத்தில் ரயில்வே வழியே நல்லது: "எண்பது, எட்டு சைபர்." இன்னொன்று, வாசிப்புப் பிரதியில் எண்களை எழுத்தால் எழுதிக்கொள்ளுங்கள். 41,870 என்று இலக்கத்தில் இருந்தால் வாசிக்கும்போது ஒரு கணம் தடுமாறுவீர்கள், அந்தத் தடுமாற்றம் பதிவில் கேட்கும்.

வரைபடத்துக்கு வேறு முறை. பதினான்காம் ஸ்லைடில், மாலைப் பால் ஊற்றியபின் குளிரூட்டித் தொட்டியின் வெப்பநிலை எப்படி இறங்குகிறது என்று இரண்டு கோடு, ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. நிறத்தையும் அச்சையும் விவரிக்கத் தொடங்கினால் கேட்பவர் மனசில் வரைபடம் வரையப் போராடி, செய்தியைக் கோட்டைவிடுவார். படம் எதைப் பற்றியது, கோடு என்ன செய்கிறது, ஒரே ஒரு எண், அதற்கு என்ன அர்த்தம். இந்த வரிசையில் சொல்லுங்கள்:

> பதினான்காம் ஸ்லைடில் ஒரு படம் இருக்கிறது, இறங்கியபின் பார்த்துக்கொள்ளலாம். விஷயம் இதுதான். மாலைப் பால் ஊற்றி மூன்று மணி நேரத்துக்குள் நாலு டிகிரிக்கு வந்துவிட வேண்டும். மூலனூரில் வந்துவிடுகிறது. முத்தூரில் கரண்ட் போன நாட்களில் ஏழு டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. ஜெனரேட்டரைப் போட ஆள் வரும்வரை அப்படியே இருக்கிறது. புளித்த மூன்று டேங்கரும் அந்த நாட்களில் முத்தூரிலிருந்து கிளம்பியவை.

கேட்பவருக்குப் படம் தெரியவில்லை. ஆனால் யார் எப்போது ஜெனரேட்டரைப் போட வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

பதிவு செய்தல்

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், கைபேசி போதும். குளிர்சாதன அறையின் கண்ணாடிச் சுவர் எதிரொலிக்கும், அதை விடுங்கள். நிறுத்திவைத்த கார் நல்ல இடம், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து பதிவு செய்யலாம். இருக்கைத் துணியும் பஞ்சும் எதிரொலியை விழுங்கிவிடும். கைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேராக அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் பிடியுங்கள், மூச்சுக்காற்று மோதாது. ஃப்ளைட் மோடில் போடுங்கள். பின்னணி இசை வேண்டாம், பஸ் இரைச்சலோடு அதுவும் சேர்ந்துகொள்ளும்.

வாசிக்கும்போது இரண்டே இரண்டில் கவனம் வையுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரலை இறக்காதீர்கள். "குறைந்திருக்கிறது" என்பதில் கடைசி எழுத்துவரை அதே சத்தம் இருக்கட்டும். இரண்டாவது, கைகாட்டி வாக்கியத்துக்கு முன் முழுதாக ஒரு விநாடி மௌனம். நான் பிரதியில் அந்த இடங்களில் இரண்டு சாய்கோடு போட்டுவைப்பேன். பகுதி மாறும் இடத்தில் இரண்டு விநாடி. பதிவு செய்யும்போது அந்த மௌனம் யுகமாகத் தோன்றும். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பவர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு உங்கள் ஒரு விநாடி முக்கால் விநாடிக்கும் குறைவாகத்தான் போய்ச் சேரும்.

கணினியில் சத்தத்தைச் சமப்படுத்தத் தெரிந்தவர்கள் இந்த ஒரு கட்டளையைப் பயன்படுத்தலாம். மெதுவாகப் பேசிய இடமும் உரக்கப் பேசிய இடமும் ஓரளவு ஒன்றாகிவிடும், ஒற்றைச் சேனலாகவும் மாறிவிடும்:

```
ffmpeg -i may.wav -af loudnorm=I=-16:TP=-1.5:LRA=7 -ac 1 -ar 44100 -b:a 64k may.mp3
```

ஏழு நிமிடக் கோப்பு மூன்றரை எம்பிக்குள் அடங்கும். சிக்னல் இல்லாத மலைப்பாதையில் போகிறவர்கள் கிளம்பும் முன்பே இறக்கிக்கொள்ள இது சௌகரியம்.

அனுப்பும் முன் மூன்று சோதனை

முதல் சோதனைக்கு வீட்டுச் சமையலறை போதும். மிக்ஸியை ஓடவிட்டு, கைபேசியை வழக்கமான சத்தத்தில் வைத்து, ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு தடவை கேளுங்கள். எந்த ஊர்ப்பெயர், எந்த எண் தொலைகிறது என்று உடனே தெரியும். எழுதியவருக்கே தொலைந்தால் மற்றவருக்குக் கேட்க வாய்ப்பே இல்லை.

இரண்டாவது, நடுவில் ஏறும் சோதனை. கண்ணை மூடிக்கொண்டு ஆடியோவின் நடுவில் எங்கேயாவது விரலை வையுங்கள். அங்கிருந்து கேட்டால் அரை நிமிடத்துக்குள் எந்தப் பகுதி, எந்த நிலையம் என்று விளங்குகிறதா? ஐந்து இடத்தில் வைத்துப் பாருங்கள். விளங்காத இடத்தில் ஒரு பெயரோ ஒரு கைகாட்டியோ குறைகிறது என்று பொருள். மே மாத ஆடியோவில் இரண்டாம் பகுதியின் நடுவில் எனக்கு அப்படி ஓர் ஓட்டை இருந்தது. முக்கால் நிமிடம் "அந்த நிலையம், அந்த நிலையம்" என்றே பேசியிருந்தேன். மூன்று இடத்தில் முத்தூர் என்று மாற்றியதும் சரியாயிற்று.

மூன்றாவது சோதனைக்கு இன்னொருவர் வேண்டும். தினமும் பவானியிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் அலுவலகத் தம்பி ஒருவரிடம் முந்தைய நாள் கொடுத்துவிடுவேன். ஒரே தடவை, நிறுத்தாமல், ஓடும் பஸ்ஸில் கேட்க வேண்டும். வந்ததும் மூன்று கேள்வி: எத்தனை பகுதி, என்னென்ன? குறைந்த மூன்று நிலையம் எவை? வெள்ளிக்குள் என்ன வேலை? அவர் பால் பிரிவில் இல்லை, கணக்குப் பிரிவு. அதுதான் நல்லது, விஷயம் தெரிந்தவர்கள் கேட்காததையும் தாங்களே நிரப்பிக்கொள்வார்கள். அவர் தப்பாகச் சொன்னால் பிரதியைத் திருத்துவேன், அவரை மறுபடி கேட்கச் சொல்வதில்லை.

எதை ஆடியோவில் வைக்கக்கூடாது என்பதையும் இந்த இடத்திலேயே ஒரு தடவை சரிபாருங்கள். ஜீப்பில் போகிறவர் ஸ்பீக்கரில் போடுவார், பக்கத்தில் டிரைவரும் ஒரு விவசாயியும் இருப்பார்கள். யாருடைய சம்பளம், யார் மேல் புகார், அடுத்த மாதக் கொள்முதல் விலை, இவை எதையும் நான் ஆடியோவில் வைப்பதில்லை. ஆட்கள் பற்றிய ஸ்லைடு முழுதாக விடுபட்டது அதனால்தான்.

அனுப்புவது

கோப்போடு ஒரு சிறிய மெசேஜும் போக வேண்டும். ஆடியோவில் வாக்குக் கொடுத்தது அதில் இருக்க வேண்டும்:

> மே ஆய்வு, 6 நிமிடம் 50 விநாடி.
> 0:40 பால் வரத்து
> 2:30 புளித்த பால்
> 4:50 செய்ய வேண்டியவை
> வெள்ளிக்குள்: (1) கரண்ட் போனதும் ஜெனரேட்டரைப் போட இரவு ஆள் பெயர் அனுப்பவும். (2) மாலைப் பால் வெப்பநிலையை ஊற்றியவுடனும் மூன்று மணி நேரம் கழித்தும் குறிக்கவும்.

கடைசிப் பகுதியைப் பேசும்போது வேலைகளை "முதல் வேலை", "இரண்டாம் வேலை" என்று எண்ணிட்டு, யார், எதை, எப்போது என்ற வரிசையில் சொன்னேன். முடிப்பில் மூன்று தலைப்பையும் மறுபடி ஒரு வரி ஒரு வரியாகச் சொல்லி, "மே மாத ஆய்வு இத்துடன் முடிந்தது" என்று முடித்தேன். அந்த வாக்கியம் இல்லாவிட்டால், சிக்னல் போய் நின்றதா, நிஜமாகவே முடிந்ததா என்று தெரியாமல் கைபேசியை எடுத்துப் பார்ப்பார்கள்.

அனுப்பிய அன்று சாயங்காலம் ஒரு மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "ஒரு நிமிஷத்துகிட்ட மூணு ஊர் சொல்றீங்க இல்லீங்க, அதுல முதலாவதும் மூணாவதும் ஒரே மாதிரி கேக்குதுங்க" என்றார். மூலனூரும் முத்தூரும். என் மிக்ஸி சோதனையிலும் தம்பியின் பஸ் சோதனையிலும் தப்பித்த இடம். தம்பிக்கு அந்தப் பெயர்களை நான் முன்பே பேச்சுவாக்கில் சொல்லியிருந்தேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஜூன் மாதத்திலிருந்து எங்கள் ஆடியோவில் அவை "தாராபுரம் பக்கத்து மூலனூர்", "வெள்ளகோவில் பக்கத்து முத்தூர்" என்றே வருகின்றன, ஒவ்வொரு முறையும்.